மக்காத குப்பைக்கு வாரம் ஒரு நாள்: சிறு பேரூராட்சியில் வீடுவீடாகச் செல்லும் வண்டிக்கு விரிதாளில் வழித்தடம் அமைத்தல்

கன்னியாகுமரி மாவட்டத்தின் பேரூராட்சிகளில், குறிப்பாகக் கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் மேட்டுப் பகுதிகளில், வீடுகள் தெருவின் இருபுறமும் வரிசையாக நிற்பதில்லை. தென்னை, வாழை, ரப்பர் நிற்கும் விளைகளுக்கு நடுவில் ஒவ்வொரு வீடும் தனித்தனியாக இருக்கும். சாலையிலிருந்து அந்த வீட்டுக்கு ஓர் ஒற்றையடிப் பாதையோ, ஒரு ஸ்கூட்டர் மட்டுமே போகக்கூடிய சந்தோ இருக்கும். இப்படிப்பட்ட ஊருக்கு வார்டு வாரியாக நாள் பிரித்து வண்டியை அனுப்பினால், ஒரு வார்டு காலை ஒன்பது மணிக்கே முடிந்துவிடும், இன்னொன்று பிற்பகல் மூன்று மணியாகியும் முடியாது. வார்டு எல்லை தேர்தலுக்காக வகுக்கப்பட்டது. வண்டியின் கொள்ளளவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆகவே வார்டை ஒதுக்கிவைத்துவிட்டு, வண்டி ஒருமுறை நிரம்பும் அளவை, அதாவது ஒரு சுற்றை, அடிப்படை அலகாகக் கொண்டு வழித்தடம் அமைக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் ஆகிய எதிலும் இதைச் செய்யலாம். கூட்டல், பெருக்கல், வகுத்தலோடு, குறிப்பிட்ட அடையாளம் உள்ள வரிகளை மட்டும் கூட்டும் SUMIF என்ற ஒரு சூத்திரம் தெரிந்தால் போதும்.

வாரம் ஒருமுறை என்பது மக்காத குப்பைக்கு மட்டுமே பொருந்தும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தோட்டமுள்ள வீடுகள் சமையற்கட்டுக் கழிவைத் தென்னை மூட்டிலேயே இட்டுவிடுவதால், அவற்றிலிருந்து பிளாஸ்டிக், அட்டை, கண்ணாடி, பழைய துணி போன்றவற்றை மட்டும் வாரம் ஒருமுறை பெறுவது நடைமுறைக்கு ஒத்துவரும். தோட்டமில்லாத வீடுகளின் மக்கும் குப்பையையும், டயப்பர், நாப்கின் போன்றவற்றையும் ஒரு வாரம் தேக்கிவைக்கச் சொல்ல முடியாது. அவற்றுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். இந்தக் கணக்கில் அவை சேரவில்லை.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைப் பேரூராட்சியை எடுத்துக்கொள்வோம். அதில் 1,800 வீடுகள் உள்ளன. வண்டி போகக்கூடிய தெருக்களின் மொத்த நீளம் 36 கிலோமீட்டர். பக்கவாட்டில் கம்பிவலை உயர்த்திக் கட்டிய ஒரு மினி லாரியும், ஓர் ஓட்டுநரும், இரண்டு தூய்மைப் பணியாளர்களும் இருக்கிறார்கள். குப்பையைப் பிரிக்கும் வளம் மீட்புப் பூங்கா, சுற்றுகள் தொடங்கி முடியும் இடங்களிலிருந்து சராசரியாக 3 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கீழே வரும் எண்கள் அனைத்தும் இந்த எடுத்துக்காட்டுக்கு உரியவை. உங்கள் ஊருக்கு நீங்களே அளந்து எடுத்தாக வேண்டும்.

தெருவைத் துண்டுகளாகப் பிரித்து எழுதுதல்

ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்பு வரையிலான சாலைப் பகுதியை ஒரு துண்டாகக் கொள்ளுங்கள். ஒரு துண்டில் 20 முதல் 40 வீடுகள் இருந்தால் கையாள எளிது. இதைவிடப் பெரிதானால் பின்னர் சுற்றுகளுக்கிடையே மாற்றுவது கடினமாகும். மிகச் சிறிதானால் பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

வீட்டு எண்ணிக்கையைச் சொத்து வரிப் பதிவேட்டிலிருந்து அப்படியே எடுத்துவிடலாம் என்று தோன்றும். அது தொடக்கத்துக்கு மட்டுமே உதவும். ஒரே வரி எண்ணில் மேல்மாடியில் ஒன்று, பின்புறத்தில் ஒன்று என மூன்று குடும்பங்கள் இருக்கலாம். குடும்பம் முழுவதும் வளைகுடா நாட்டில் இருப்பதால் ஆண்டில் பதினொரு மாதம் பூட்டியே கிடக்கும் பெரிய வீடும் பதிவேட்டில் ஒரு வீடாகவே இருக்கும். எனவே பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை நடந்தே ஆக வேண்டும். அந்தப் பகுதியில் வேலை செய்யும் தூய்மைப் பணியாளரை உடன் அழைத்துச் செல்வது நல்லது. எந்த வீட்டில் ஆள் இருக்கிறது, எந்தப் பாதை மழைக்காலத்தில் சேறாகும் என்பதை எந்தப் பதிவேட்டையும்விட அவர் நன்றாக அறிவார்.

நடக்கும்போது வீடுகளை இரண்டு வகையாக எண்ணுங்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து சில அடிகளில் குப்பையை வாங்கிக்கொள்ளக்கூடியவை ஒரு வகை. இதைச் சாலையோர வீடு என்போம். வண்டியை நிறுத்திவிட்டுப் பணியாளர் உள்ளே நடந்து போய்த் திரும்ப வேண்டியவை மற்றொரு வகை, இவை உள்வீடுகள். இந்தப் பிரிவினைதான் கணக்கின் உயிர்நாடி. நமது எடுத்துக்காட்டில் சாலையோர வீடுகள் 1,080, உள்வீடுகள் 720.

தெருவின் நீளத்தைக் கைப்பேசி வரைபடத்தின் தூரம் அளக்கும் வசதியால் அளக்கலாம். வரைபடத்தில் இல்லாத சிறு சாலைகளுக்கு இருசக்கர வாகனத்தின் கிலோமீட்டர் காட்டி போதும். நேர்க்கோட்டுத் தூரத்தை மட்டும் ஒருபோதும் எழுதாதீர்கள். சானலின் இரு கரைகளிலும் எதிரெதிராக நிற்கும் வீடுகள் வரைபடத்தில் அடுத்தடுத்து இருப்பதுபோல் தெரியும். வண்டியோ பாலம் இருக்கும் இடம் வரை போய்ச் சுற்றித்தான் மறுகரைக்கு வர முடியும். ரயில் பாதையின் இரு பக்கங்களுக்கும் இதுவே பொருந்தும். சானலையும் ரயில் பாதையையும் எந்தத் துண்டும் கடக்கக் கூடாது என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

கிலோவைவிடச் சாக்கு முக்கியம்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் குப்பையின் எடையிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார்கள். மக்காத குப்பைக்கு அது பொருந்தாது. பாட்டிலும் நெகிழிப் பையும் எடை குறைந்தவை, இடத்தை அடைப்பவை. ஆகவே வண்டி தாங்கும் எடையில் பாதியைக்கூட எட்டுவதற்கு முன்பே அதன் கொள்ளளவு தீர்ந்துவிடும். எனவே பணியாளர்கள் பயன்படுத்தும் ஒரே அளவான சாக்கையே அலகாகக் கொள்ளுங்கள். காலிச் சாக்குகளை நிரப்பி வண்டியில் அடுக்கிப் பார்த்து, எத்தனை பாதுகாப்பாக நிற்கின்றன என்று எண்ணுங்கள். நமது மினி லாரியில் 40 சாக்குகள் நிற்கின்றன. ஒரு சாக்கு 5 கிலோ என்றால் மொத்தம் 200 கிலோதான். திட்டமிடும்போது 40 என்று வைக்காமல், பத்தில் ஒரு பங்கைக் குறைத்து 36 என்று வையுங்கள்.

அடுத்து, ஊரின் மூன்று விதமான பகுதிகளில் சோதனையாகக் குப்பை பெற வேண்டும்: கடைத்தெருவை ஒட்டிய நெருக்கமான ஒரு பகுதி, நடுத்தரமான ஒன்று, தோட்டங்களுக்கு நடுவே வீடுகள் சிதறிக் கிடக்கும் ஒன்று. முதல் வாரத்தில் கிடைக்கும் அளவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வீட்டின் பின்புறத்தில் மாதக்கணக்கில் கிடந்த பழைய செருப்பும் உடைந்த வாளியும் அன்றைக்குத்தான் வெளியே வரும். இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் கிடைக்கும் அளவே நம்பத்தக்கது. வந்த சாக்குகளின் எண்ணிக்கையை, குப்பை கொடுத்த வீடுகளால் வகுக்காமல், கடந்து சென்ற எல்லா வீடுகளாலும் வகுக்க வேண்டும். அப்போதுதான் பூட்டிய வீடும் கொடுக்காத வீடும் சராசரிக்குள் வந்துவிடும். 200 வீடுகளைக் கடந்து 60 சாக்குகள் கிடைத்தால் ஒரு வீட்டுக்கு 0.3 சாக்கு.

இதே சோதனையின்போது ஒருவர் கைப்பேசியில் நேரத்தையும் குறிக்க வேண்டும். வண்டி நின்றதிலிருந்து கிளம்பும் வரையிலான நேரத்தை வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு வீட்டுக்கான வினாடிகள் கிடைக்கும். இரண்டு பணியாளர்கள் ஒரே சமயத்தில் இரு பக்கமும் வேலை செய்வதால், இது ஒரு குழுவுக்கு ஒரு வீட்டில் செலவாகும் நேரமாகும். எடுத்துக்காட்டில் சாலையோர வீட்டுக்கு 25 வினாடியும், உள்வீட்டுக்கு 70 வினாடியும் ஆகின்றன. வீடுகளுக்கிடையே வண்டி மெதுவாக நகரும் வேகம் நிமிடத்துக்கு 100 மீட்டர்.

முதல் தாள்: துண்டுகள்

தாளின் பெயர் Data என்று இருக்கட்டும். A பத்தியில் துண்டு எண், B பத்தியில் இடத்தின் பெயர், C பத்தியில் சாலையோர வீடுகள், D பத்தியில் உள்வீடுகள், E பத்தியில் நீளம் மீட்டரில். வலப்பக்கம் M1 முதல் M4 வரையிலான கட்டங்களில் முறையே 25, 70, 100, 0.3 ஆகிய நான்கு அளவுகளையும் எழுதுங்கள். சூத்திரத்துக்குள் எண்ணை நேரடியாக எழுதாமல் இப்படித் தனியே வைப்பதற்குக் காரணம் உண்டு. அளவு மாறும்போது ஒரு கட்டத்தைத் திருத்தினால் தாள் முழுவதும் தானே மாறிவிடும். F பத்தியில் சாக்கும் G பத்தியில் நிமிடமும் வர வேண்டும். F2, G2 ஆகிய கட்டங்களுக்கு உரியவை வருமாறு:

```
=(C2+D2)*$M$4
=(C2*$M$1+D2*$M$2)/60+E2/$M$3
```

இவற்றைக் கீழ்வரை இழுத்துவிட்டால் போதும். ஒரு துண்டை எடுத்துப் பார்ப்போம். சாலையோர வீடுகள் 18, உள்வீடுகள் 22, நீளம் 650 மீட்டர். சாக்கு 12 என்று வரும். நேரம் ஏறத்தாழ 40 நிமிடம் என்று வரும். அதில் வண்டி நகர்வதற்கு ஆறரை நிமிடமும், சாலையோர வீடுகளுக்கு ஏழரை நிமிடமும் மட்டுமே ஆகின்றன. மீதி ஏறக்குறைய 26 நிமிடமும் உள்வீடுகளுக்காக நடப்பதிலேயே போகிறது. வழித்தடத்தைச் சுருக்க வேண்டுமென்றால் எங்கே கை வைக்க வேண்டும் என்பதை இந்த ஒரு வரியே காட்டிவிடுகிறது.

இரண்டாம் தாள்: சுற்றுகள்

ஒரு சுற்றுக்கு 36 சாக்கு, ஒரு வீட்டுக்கு 0.3 சாக்கு என்றால் ஒரு சுற்றில் 120 வீடுகள் அடங்கும். 1,800 வீடுகளுக்கு 15 சுற்றுகள். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு மூன்று.

எந்தத் துண்டு எந்தச் சுற்றில் சேர வேண்டும் என்பதைத் தாள் முடிவு செய்யாது. ஊரின் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, வளம் மீட்புப் பூங்காவிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் துண்டிலிருந்து தொடங்குங்கள். அதன் Data தாள் வரியில் H பத்தியில் 1 என்று எழுதி, அடுத்தடுத்து ஒட்டிய துண்டுகளுக்கும் 1 இட்டுக்கொண்டே வந்து, மொத்தம் 36 சாக்கை நெருங்கியதும் நிறுத்தி 2 என்று தொடங்குங்கள். தொலைவிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அருகிலிருந்து தொடங்கினால் கடைசியில் ஊரின் மூலைகளில் ஆறு சாக்கு இங்கும் எட்டு சாக்கு அங்குமாக மிச்சம் நிற்கும். அவற்றுக்காகவே ஒரு நீண்ட பயணம் தேவைப்படும். மிச்சம் எப்படியும் நிற்கத்தான் செய்யும். அது பூங்காவுக்கு அருகில் நின்றால் செலவு குறைவு.

Rounds என்ற தாளில் A பத்தியில் A2 கட்டத்திலிருந்து கீழே 1 முதல் 15 வரை எழுதுங்கள். லிப்ரே ஆபீஸில் மட்டும் Data! என்பதை Data. என்று மாற்றி எழுத வேண்டும். B பத்தியில் சுற்றின் சாக்கு, C பத்தியில் சுற்றின் நிமிடம்:

```
=SUMIF(Data!$H$2:$H$200,A2,Data!$F$2:$F$200)
=SUMIF(Data!$H$2:$H$200,A2,Data!$G$2:$G$200)
```

D பத்தியில், பூங்காவிலிருந்து முதல் துண்டுக்குப் போகும் தூரத்துக்கும் கடைசித் துண்டிலிருந்து திரும்பும் தூரத்துக்கும் உள்ள சராசரியைக் கிலோமீட்டரில் எழுதுங்கள். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு கிலோமீட்டருக்குப் போகவும் வரவும் சேர்த்து 8 நிமிடம். இறக்குவதற்கு 16 நிமிடம். ஆகவே E பத்தியில் சுற்றின் முழு நேரம்:

```
=C2+D2*8+16
```

F பத்தியில் சுற்றுக்குரிய நாளின் பெயரை எழுதி, மேலே சொன்ன அதே SUMIF முறையில் நாள்வாரியாக E பத்தியைக் கூட்டிக்கொள்ளலாம்.

கூட்டிப் பார்த்தால் நாள் போதவில்லை

நமது ஊரின் முழுக் கணக்கு இப்போது தெரியும். வாரத்துக்குச் சாலையோர வீடுகளுக்கு 450 நிமிடம், உள்வீடுகளுக்கு 840 நிமிடம், தெருவில் நகர 360 நிமிடம், 15 முறை பூங்காவுக்குப் போய் இறக்கித் திரும்ப 600 நிமிடம். மொத்தம் 2,250 நிமிடம். ஐந்து நாளுக்குப் பகிர்ந்தால் நாளுக்கு 450. காலை 6.30 முதல் 1.30 வரையிலான வேலை நேரத்தில் உணவுக்கும் ஓய்வுக்கும் அரை மணி நேரத்தைக் கழித்தால் 390 நிமிடம்தான் கையில் இருக்கிறது. நாளுக்கு ஒரு மணி நேரம் போதாமல் போகிறது.

இந்த இடத்தில் பலரும் வினாடி எண்களைக் குறைத்து எழுதிக் கணக்கைச் சரிக்கட்டப் பார்ப்பார்கள். தாளில் நேரம் குறையும், தெருவில் குறையாது. ஒவ்வொரு நாளும் கடைசிச் சுற்றின் வீடுகள் விடுபடும், விடுபடுவதும் எப்போதும் அதே வீடுகளாக இருக்கும். சனிக்கிழமையை ஆறாவது நாளாகச் சேர்த்தால் நாளுக்கு 375 நிமிடம் என்று கணக்கு ஒத்துவரும். ஆனால் ஒரு நாள் வண்டி பழுதானாலோ அரசு விடுமுறை வந்தாலோ ஈடுசெய்ய வாரத்தில் நாளே இருக்காது. ஆகவே சனிக்கிழமையைக் கூடியவரை காலியாக வைத்திருப்பதே நல்லது என்பது என் கருத்து.

குறைக்க வேண்டியது உள்வீடுகளுக்கான 840 நிமிடத்தை. வண்டியின் பாட்டோ விசிலோ கேட்டதும் பாதை முகப்புக்குக் குப்பையைக் கொண்டுவர ஒப்புக்கொள்ளும் வீடுகளை, அவர்களைக் கேட்ட பிறகு, Data தாளின் D பத்தியிலிருந்து C பத்திக்கு மாற்றுங்கள். ஒரு வீட்டுக்கு 45 வினாடி மிச்சம். 720 உள்வீடுகளில் 480 வீடுகள் ஒப்புக்கொண்டால் வாரத்துக்கு 360 நிமிடம் குறைந்து, நாளுக்கு 378 ஆகும். மேலே பார்த்த துண்டில் 22 உள்வீடுகளில் 15 மாறினால் 40 நிமிடம் 28 ஆகிவிடும். முதியவர்கள் தனியே வாழும் வீடுகளையும் செங்குத்தான ஏற்றத்தில் உள்ளவற்றையும் D பத்தியிலேயே விட்டுவிடுங்கள். எஞ்சும் 240 வீடுகளும் அப்படிப்பட்டவைதாம். 390க்கு 378 என்பது நெருக்கமான கணக்குத்தான். அதனால்தான் சனிக்கிழமையை விட்டுக்கொடுக்கக் கூடாது.

பாதை முகப்பில் குப்பையை முந்தின இரவே வைத்துவிட்டுப் போகச் சொல்வது வேறு விஷயம். அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நாய் இழுத்துப் போட்டதைப் பொறுக்க ஆகும் நேரம், மிச்சமான வினாடிகளைத் தின்றுவிடும். சில வாரங்களில் அந்த முகப்பே ஒரு குப்பைமேடாகவும் மாறும்.

சுற்றுக்குள் வரிசை

Data தாளின் I பத்தியில் துண்டுகள் எந்த வரிசையில் வர வேண்டும் என்று எண் இடுங்கள். மேட்டுப் பகுதியில் வண்டி காலியாக மேலே ஏறிவிட்டு, இறங்கும்போது குப்பை பெறட்டும். நிறுத்தி நிறுத்தி ஏறினால் கிளட்சும் டீசலும் வீணாகும். நாம் இடப்பக்கம் வாகனம் ஓட்டுவதால், சுற்று இடஞ்சுழியாக அமைந்தால் பெரும்பாலான திருப்பங்கள் இடப்பக்கமே விழும். நெரிசலான சாலையில் எதிரே வரும் பேருந்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அகலமான மாவட்டச் சாலையில் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பெறுங்கள். சிறு தெருக்களில் இரு பக்கமும் ஒன்றாகப் பெறலாம்.

நேரமும் வரிசையைத் தீர்மானிக்கும். முந்திரித் தொழிற்சாலைக்கும் ரப்பர் பால்வெட்டுக்கும் போகும் குடும்பங்கள் மிகுந்த பகுதியில் எட்டு மணிக்கு மேல் கதவு பூட்டியிருக்கும். அது நாளின் முதல் சுற்றில் வர வேண்டும். பள்ளி இருக்கும் தெருவை எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் தொடாதீர்கள். சந்தை கூடும் நாளில் சந்தைச் சாலையை அன்றைய பட்டியலிலிருந்து எடுத்து வேறு நாளில் வையுங்கள்.

வரிசை முடிந்ததும், M பத்தியைச் சேர்க்காமல் தாளை H பத்தியாலும், அதற்குள் I பத்தியாலும் வரிசைப்படுத்தி, சுற்றுக்கு ஒரு பக்கமாக அச்சிட்டு ஓட்டுநரிடம் கொடுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே முடிந்த நேரத்தையும் சாக்கையும் எழுத இரண்டு காலிக் கட்டங்கள் இருக்கட்டும்.

தாளும் தெருவும் ஒத்துப்போகின்றனவா?

நான்கு வாரங்கள் ஓடிய பின், ஓட்டுநர் எழுதிய உண்மை நிமிடங்களை J பத்தியில் இட்டு, G பத்தியால் வகுத்துப் பாருங்கள். 0.8க்கும் 1.2க்கும் இடையில் இருந்தால் அந்தத் துண்டைத் தொட வேண்டாம். எல்லாத் துண்டுகளிலும் 1.3 வந்தால் M1, M2 கட்டங்களில் உள்ள வினாடிகள் தவறு. ஒரே ஒரு துண்டில் மட்டும் 1.6 வந்தால் அங்கே வேறு ஏதோ இருக்கிறது: ரயில்வே கேட், குறுகிய திருப்பம், அல்லது எண்ணும்போது விடுபட்ட உள்வீடுகள். நேரில் போய்ப் பார்க்க வேண்டியது அந்தத் துண்டை மட்டும்தான்.

சாக்கின் எடையையும் மாதம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். 5 கிலோவாக இருந்தது 8 கிலோவாகிவிட்டால் மக்கும் குப்பை கலக்கத் தொடங்கிவிட்டது, அல்லது நனைந்திருக்கிறது. இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழைகள் என்பதால் இரண்டாவது காரணம் ஆண்டில் பல மாதங்களுக்குப் பொருந்தும். தார்ப்பாய் இல்லாத வண்டியில் நனைந்த அட்டையும் காகிதமும் விற்பனைக்கு உதவாமல் போகும்.

விடுமுறையைக் கையாள ஒரே வழி, அந்த நாளின் சுற்றுகளை அதே வாரத்துக்குள் தள்ளிவைப்பது. புதன்கிழமை விடுமுறை என்று அந்தப் பகுதியை அடுத்த புதனுக்கு விட்டுவிட்டால், 120 வீடுகளில் 36க்குப் பதிலாக 72 சாக்கு காத்திருக்கும். 40 சாக்கு கொள்ளும் வண்டி பாதி வழியில் நிரம்பிவிடும். புதனின் மூன்று சுற்றுகளும் அப்படியே அந்த வாரச் சனிக்கிழமைக்குப் போகட்டும்.

கிறிஸ்துமஸ், ஓணம், ஊர்த் திருவிழாக் காலங்களில் M4 கட்டத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். 0.3 என்பது 0.4 ஆனால் வாரத்துக்கு 720 சாக்கு, அதாவது 20 சுற்றுகள். கூடுதலாக வரும் ஐந்தில் மூன்றைச் சனிக்கிழமை ஏற்கும். மீதி இரண்டுக்கு, அந்த வாரம் மட்டும் இன்னொரு வண்டியை ஒரு நாள் ஏற்பாடு செய்ய வேண்டும். கிறிஸ்துமஸுக்கான கணக்கைச் செயல் அலுவலரிடம் டிசம்பர் முதல் வாரத்திலேயே அச்சிட்டுக் கொடுத்துவிட்டால், வண்டி வாடகைக்கு ஒப்புதல் பெற அவருக்கும் அவகாசம் இருக்கும்.